ஐந்து அடிக்கு ஒன்றரை மணி நேரம்

அன்புள்ள தம்பிக்கு,

உன் கடிதம் கிடைத்தது. வாசகர் வட்டத்தில் இந்த முறை நாவல் வேண்டாம், ஒரே ஒரு சின்னக் கவிதையை வைத்துக்கொண்டு பேசலாம் என்று முடிவு செய்திருக்கிறீர்கள் என்பதைப் படித்ததும் சந்தோஷமாக இருந்தது. கூட்டத்துக்கு முன்னால் எல்லோருக்கும் அனுப்ப வேண்டிய தாளில் என்ன எழுதுவது, ஐந்தாறு அடிக் கவிதையை வைத்து ஒன்றரை மணி நேரம் எப்படி ஓட்டுவது என்று கேட்டிருக்கிறாய். நாவல் என்றால் கதையைச் சொல்லியே பாதி நேரம் போய்விடும். கவிதைக்கு அந்த வசதி கிடையாது. அதனால்தான் தாள் முக்கியம்.

எந்தக் கவிதை என்பதை என்னிடமே விட்டிருக்கிறாய். குறுந்தொகையில் 25ஆம் பாட்டை எடுத்துக்கொள். கபிலர் பாடியது. ஐந்தே அடி, 19 சீர். உ.வே.சா.வின் 1937 பதிப்பு உன் அலமாரியில் இருக்கும்; இல்லாவிட்டால் எந்தப் பதிப்பிலும் பார்த்துக்கொள்ளலாம். செய்தி எளிமையானது. ஒரு பெண் தன் தோழியிடம் பேசுகிறாள். அன்றைக்கு அங்கே வேறு யாரும் இல்லை, அந்தத் திருடன் மட்டும்தான் இருந்தான், அவனே இல்லையென்று சொல்லிவிட்டால் நான் என்ன செய்வேன் என்கிறாள். பிறகு, தினைத்தாள் போல மெலிந்த பசிய கால்களோடு, ஓடும் தண்ணீரில் ஆரல் மீனைப் பார்த்துக்கொண்டு ஒரு குருகும் இருந்தது என்று சேர்க்கிறாள். அவ்வளவுதான். புரியாத சொல் அதிகம் இல்லை, ஒரு சம்பவம் இருக்கிறது, ஒரு சந்தேகம் இருக்கிறது. எத்தனை பேர் உரை எழுதினாலும் மூடிவிட முடியாத ஒரு கதவு அதில் திறந்தே கிடக்கிறது. கூடிப் பேச அது போதும்.

முதலில் தாளைப் பற்றிச் சொல்கிறேன். கூட்டத்துக்கு ஒரு வாரம் முன்னால் போய்ச் சேரட்டும். அதற்கு முன்பே அனுப்பினால் எங்கேயோ வைத்துவிட்டுத் தேடுவார்கள். முந்தின நாள் அனுப்பினால் படிக்காமலே வருவார்கள். ஒரு பக்கத்தைத் தாண்டக் கூடாது. மேலே பாட்டை இரண்டு முறை அச்சடி: ஒன்று மூலத்தில் உள்ளபடி, மற்றொன்று சந்தி பிரித்து. இரண்டும் வேண்டும். பிரித்தது மட்டும் இருந்தால் ஓசை போய்விடும். மூலம் மட்டும் இருந்தால், பள்ளிக்கூடத்தோடு தமிழை விட்டுவந்தவர்கள் முதல் அடியிலேயே மிரண்டுவிடுவார்கள்.

அதற்குக் கீழே சொற்பொருள். ஐந்து சொல்லுக்கு மேல் வேண்டாம். தாள் என்றால் தண்டு. ஆரல் என்பது ஒரு வகை மீன். குருகு நீர்ப்பறவை. ஞான்று என்றால் நாள். ஐந்தாவதாக, 'மணந்த' என்பதற்கு இந்தப் பாட்டில் கூடிய, ஒன்றுசேர்ந்த என்று பொருள் என்பதைக் கட்டாயம் போட்டுவிடு. போடாவிட்டால், கல்யாணம்தான் ஆகிவிட்டதே, அப்புறம் என்ன பயம் என்று யாராவது கேட்பார்கள். அதை விளக்கி முடிப்பதற்குள் இருபது நிமிஷம் போயிருக்கும்; அதோடு கவிதையின் முடிச்சும் அவிழ்ந்து போயிருக்கும்.

தாளில் என்னென்ன இருக்கக் கூடாது என்பதையும் சொல்லிவிடுகிறேன். உரை கூடாது. கபிலர் வரலாறு கூடாது. எல்லாவற்றையும் விட முக்கியமாக, பாட்டின் அடியில் உள்ள துறைக் குறிப்பு கூடாது. தலைவன் திருமணத்தைத் தள்ளிப்போட்ட நேரத்தில் தலைவி தோழிக்குச் சொன்னது என்று அந்தக் குறிப்பு சொல்கிறது. அது பாட்டோடு பிறந்ததல்ல, பின்னால் வந்தவர்கள் சேர்த்தது என்பதுதான் அறிஞர்கள் பலருடைய கருத்து. குறிப்பை முன்னாலேயே கொடுத்துவிட்டால், யார் பேசுகிறார்கள், ஏன் பேசுகிறார்கள், எந்த நிலைமையில் பேசுகிறார்கள் என்று தேட வேண்டியதெல்லாம் தேடாமலே கிடைத்துவிடும். தேடிக் கண்டுபிடித்த பிறகு அதே குறிப்பைக் காட்டினால், அதையும் ஒரு வாசகரின் கருத்தாக எடுத்துக்கொண்டு மறுத்துப் பேசவும் தைரியம் வரும். அதனால் குறிப்பைத் தனிச் சீட்டில் எழுதி உன் சட்டைப் பையில் வைத்துக்கொள்.

இனி கேள்விகள். தாளில் மூன்று கேள்வி போதும். ஒரு கேள்வி நல்லதா இல்லையா என்று பார்க்க நான் வைத்திருக்கும் சோதனை இதுதான்: தாளைப் பார்க்காமலே பதில் சொல்ல முடிகிற கேள்வி உதவாது. "இந்தக் கவிதை உங்களுக்குப் பிடித்திருக்கிறதா?", "அக்காலப் பெண்களின் நிலை பற்றி என்ன நினைக்கிறீர்கள்?", "இன்றைய காதலுக்கும் அன்றைய காதலுக்கும் என்ன வித்தியாசம்?" இவை எல்லாவற்றுக்கும் கவிதையைப் படிக்காதவரும் பத்து நிமிஷம் பேசலாம், பேசவும் செய்வார். பதில் சொல்லும்போது ஆட்களின் கண் தாளுக்குப் போய்த் திரும்புகிறதா என்று கவனி. போகவில்லையென்றால் கேள்வியை உடனே மாற்று.

முதல் கேள்வியாக இதைப் போடு: இந்தச் சம்பவம் நடந்த இடத்தில் யார் யார், என்னென்ன இருந்தார்கள், இருந்தன? பாட்டில் உள்ளதை மட்டும் எழுதி வாருங்கள். இதற்குக் கருத்து தேவையில்லை, கண் இருந்தால் போதும். கூட்டத்தில் வாயே திறக்காதவர்கூட ஒரு பதில் சொல்லிவிடுவார். அவள், அவன், ஓடும் தண்ணீர், மீன், பறவை. தினை அந்த இடத்தில் இருந்ததா, அல்லது வெறும் உவமைதானா என்பதில் சண்டை வரும். வரட்டும். தினைப்புனம் காக்கப் போன பெண்ணுக்குத்தான் பறவைக் காலைப் பார்த்ததும் தினைத்தண்டு நினைவுக்கு வரும் என்று யாராவது சொல்லுவார்கள். யாரும் சொல்லாவிட்டால், அவள் பகல் பொழுதை எங்கே கழித்திருப்பாள் என்று மட்டும் கேள். தண்டு பச்சையாக இருப்பதால் இன்னும் அறுப்பு ஆகவில்லை என்று கொள்ள முடியுமா என்பதும் பேசத் தகுந்ததுதான். அறுப்பு முடிந்தால் காவலும் முடிந்துவிடும், அதற்குப் பிறகு வீட்டை விட்டு வெளியே வர அவளுக்குச் சாக்குக் கிடைக்காது. இது நிச்சயமான பொருள் அல்ல, இருக்கலாம் என்கிற அளவில்தான். அதைச் சொல்லியே பேச விடு.

இரண்டாவது கேள்வி: 'தான்' என்ற சொல் பாட்டில் எத்தனை முறை வருகிறது, 'யான்' எத்தனை முறை? எண்ணிப் பார்த்தால் அவன் மூன்று முறை, அவள் ஒரே முறை. அவனுக்கு ஒரு பெயர்கூட அவள் சொல்லவில்லை. இந்தக் கேள்வியைக் கூட்டத்தில் நீட்டாதே. எண்ணிவிட்டு வந்தாலே அவர்கள் பாட்டை நாலு தடவை படித்திருப்பார்கள். அதற்காகத்தான் இந்தக் கேள்வி.

மூன்றாவதுதான் உயிர். தாளில் இப்படியே எழுது: "முதல் அடியில் யாரும் இல்லை என்கிறாள். கடைசி அடியில் ஒன்று இருந்தது என்கிறாள். இந்த இரண்டுக்கும் நடுவில் அவளுக்கு என்ன ஆயிற்று?" இதற்குப் பதிலை யாரும் எழுதி வர வேண்டியதில்லை, யோசித்து வந்தால் போதும் என்று கீழே ஒரு வரி சேர்த்துவிடு.

இனிமேல் எழுதுவது உனக்கு மட்டும், தாளுக்கு அல்ல.

கூட்டம் தொடங்கியதும் யாரையும் பேச விடாதே. ஒரு பெண் பாட்டை வாய்விட்டுப் படிக்கட்டும், ஒரு நிமிஷம் கழித்து ஓர் ஆண் படிக்கட்டும். குரல் மாறும்போது முதல் அடியில் இருக்கும் கோபமும் இரண்டாம் அடியில் இருக்கும் கலக்கமும் வேறு வேறாகக் கேட்கும். பிறகு எல்லோரும் இன்னொரு தாளால் பாட்டை மூடிக்கொண்டு, நீ சொல்லச் சொல்ல ஒவ்வோர் அடியாகத் திறக்கட்டும். வீட்டில் ஏற்கெனவே படித்துவிட்டு வந்திருந்தாலும் பரவாயில்லை. மூன்றாம் அடியைத் திறந்ததும் நிறுத்தி, இப்போது உங்கள் கண்ணுக்கு என்ன தெரிகிறது என்று கேள். கால்தான் தெரியும். யாருடைய கால் என்று தெரியாது. அடுத்த அடியில் தண்ணீர், மீன், பார்க்கும் செயல். கடைசி அடியின் தொடக்கத்தில்தான் பறவை வருகிறது. கால், தண்ணீர், மீன், பார்வை, அதற்குப் பிறகே உடம்பு. அவளுடைய பார்வை கீழிருந்து மேலே போகிறது. தலை குனிந்திருந்தாளா, படுத்திருந்தாளா, வெட்கத்தில் எங்கோ பார்த்துக்கொண்டிருந்தாளா என்று கேட்க வேண்டியதே இல்லை. யாராவது ஒருவர் மெதுவாகச் சொல்லுவார், மற்றவர்கள் சட்டென்று தாளைப் பார்ப்பார்கள்.

பறவையைப் பற்றி நீ கொஞ்சம் தயாராகப் போ. குருகு என்பது எந்தப் பறவை என்பதில் உரைகாரர்கள் ஒன்றுபடுவதில்லை. நாரை, கொக்கு என்று பலவாறு சொல்வார்கள். எனக்கு மடையான்தான் தோன்றுகிறது, குருட்டுக்கொக்கு என்றும் சொல்வோமே அதுதான். வாய்க்கால் ஓரத்தில் மண் நிறத்தில் ஒடுங்கி நிற்கும், பக்கத்தில் போகும்வரை அசையாது, சட்டென்று பறந்தால் வெள்ளை இறகு தெரியும். அதன் கால் மங்கலான பச்சை. சின்ன வெள்ளைக் கொக்கின் கால் கறுப்பு, அதைத் தினைத்தாளுக்கு ஒப்பிட முடியாது. உங்கள் ஊர் வாய்க்காலிலேயே மடையான் இருக்கும். கூட்டத்துக்கு முன்னால் ஒரு காலை நேரம் போய்ப் பார்த்துவிட்டு வா. தினையைத்தான் நம் பக்கம் பார்க்க முடியாது. கொல்லிமலைப் பக்கம் இன்னும் போடுகிறார்கள். ஒரு படம் கிடைத்தால் எடுத்துப் போ.

மலையும் தினையும் குறிஞ்சிக்கு உரியவை, நீர்ப்பறவை அங்கே எப்படி வந்தது என்று உங்கள் தமிழாசிரியர் கேட்டாலும் கேட்பார். ஒரு நிலத்துப் பூவும் பறவையும் இன்னொரு நிலத்தில் வரலாம் என்று தொல்காப்பியமே இடம் கொடுத்திருக்கிறது. அதைச் சொல்லிவிட்டு நகர்ந்துவிடு.

ஆரல் மீனுக்குக் கூட்டத்திலேயே ஒரு சாட்சியைப் பிடி. ஆற்றங்கரையில் வளர்ந்தவர், மீன் பிடித்தவர், வாங்கிச் சமைத்தவர் யாராவது இருப்பார். ஆரல் எப்படி இருக்கும் என்று கூட்டத்துக்கு வந்து சொல்லும்படி முன்கூட்டியே அவரிடம் கேட்டு வை. விலாங்கு மாதிரி நீளமாக, கூர் மூக்கோடு இருக்கும். பகலில் மணலுக்குள்ளும் சேற்றுக்குள்ளும் புதைந்து கிடக்கும், பெரும்பாலும் இருட்டிய பிறகுதான் வெளியே வரும். இதைக் கேட்டதும் கவிதை ஒரு படி மாறும். மணலில் புதைந்திருக்கும் மீனுக்காக, அதுவும் ஓடுகிற தண்ணீரில், காத்திருக்கும் கொக்கு எவ்வளவு கூர்மையாகக் கீழே பார்த்துக்கொண்டிருக்கும்! அதன் கவனம் முழுக்க மீன் மேல். கரையில் இருந்த இரண்டு பேரை அது பார்த்ததா?

இங்கேதான் கூட்டம் இரண்டாகப் பிரியும், பிரிய வேண்டும். ஒரு பக்கத்தார் சொல்வார்கள்: பேச முடியாத பறவை, அதுவும் வேறெங்கோ பார்த்துக்கொண்டிருந்தது, ஆகவே சாட்சியே இல்லை; அவள் நிர்க்கதியாக நிற்கிறாள். மறுபக்கத்தார், அவளை அறியாமலே அந்தப் பறவை அவனாக மாறிவிட்டது என்பார்கள்: ஒன்றும் அறியாதது போல நின்று, இரை வந்ததும் கொத்தத் தயாராக இருப்பது. இரண்டுக்கும் பாட்டில் இடம் உண்டு. எது சரி என்று நீ தீர்ப்புச் சொல்லாதே.

எனக்கு மூன்றாவதாக ஒரு எண்ணம் உண்டு. அதைக் கூட்டத்தில் யாரும் தொடாவிட்டால்கூட நீ சொல்ல வேண்டாம், ஆனால் உனக்குத் தெரிந்திருக்கட்டும். யாரும் இல்லை என்று பேச்சைத் தொடங்கியவள், பேசப் பேச அந்த நாளுக்குள் மறுபடி போகிறாள். போனதும் கால் ஞாபகம் வருகிறது, அதன் மெலிவு ஞாபகம் வருகிறது, நிறம் ஞாபகம் வருகிறது, தண்ணீர் தேங்கி நிற்கவில்லை, ஓடியது என்பதும், எந்த மீன் என்பதும்கூட ஞாபகம் வருகிறது. கற்பனையாகச் சொல்கிறவளுக்குக் கொக்கின் கால் நிறம் எதற்கு? அவள் அங்கே இருந்தாள் என்பதற்கு அந்த நுணுக்கமே சாட்சி. அவன் மறுத்தாலும் மறுக்க முடியாத ஒன்றை அவள் தன்னை அறியாமல் சொல்லி முடித்திருக்கிறாள். எனக்கு இந்தப் பாட்டு அழுகைப் பாட்டாகத் தோன்றாததற்கு அதுதான் காரணம்.

ஒரு மணி நேரம் ஆனதும் சட்டைப் பையில் உள்ள சீட்டை எடு. துறைக் குறிப்பைப் படித்துக் காட்டி, இது நாம் பேசியதோடு பொருந்துகிறதா என்று கேள். அதற்குப் பிறகு ஒரே ஒரு வெளிச்செய்தியை மட்டும் கொண்டு வா. அகநானூற்றில் 256ஆம் பாட்டு, மதுரைத் தமிழ்க்கூத்தனார் கடுவன் மள்ளனார் பாடியது. அதில் கள்ளூர் என்ற ஊரில் நடந்ததாக ஒரு வழக்கு வருகிறது. ஒருவன் ஒரு பெண்ணை அனுபவித்துவிட்டு, அவளை எனக்குத் தெரியவே தெரியாது என்று பொய்ச் சத்தியம் செய்கிறான். ஊர் அவை சாட்சிகளை விசாரிக்கிறது. உண்மை வெளியானதும் அவனை மரக்கிளையில் கட்டித் தலையில் நீற்றைக் கொட்டுகிறார்கள்.

இதைக் கேட்ட பிறகு குறுந்தொகைப் பாட்டுக்குத் திரும்பினால், சாட்சி என்ற பேச்சுக்கே எடை கூடிவிடும். அவளுடைய பயம் வெறும் மனக்கலக்கம் அல்ல. அப்படி மறுத்தவன் உண்டு, சாட்சி இருந்ததால் ஒருத்திக்கு நீதி கிடைத்ததும் உண்டு, குறைந்தபட்சம் அப்படி ஒரு கதை புழக்கத்தில் இருந்திருக்கிறது. பொய்யும் குற்றமும் தலைகாட்டிய பிறகுதான் திருமணச் சடங்கே வகுக்கப்பட்டது என்று தொல்காப்பியம் கற்பியலில் சொல்வதையும் வேண்டுமானால் சேர்த்துக்கொள். ஆனால் ஒரு எச்சரிக்கை: கள்ளூர்ச் செய்தி இன்னொரு கவிதைக்குள் உவமையாக வருவது. பரத்தையிடம் போய்வந்த தலைவனைத் தோழி இடித்துச் சொல்லும்போது அதை எடுத்துக்காட்டுகிறாள். அதை நீதிமன்ற ஆவணம் போலப் படிக்க யாராவது முயன்றால் தடுத்துவிடு.

உங்கள் வட்டத்தில் வக்கீல் ஒருவர் இருக்கிறார் என்று எழுதியிருந்தாயே, கள்ளூருக்குப் பிறகு அவரிடம் ஒரு கேள்வி கேள்: இவள் உங்களிடம் கட்சிக்காரியாக வந்து இந்த ஐந்து அடியை மட்டும் சொன்னால், எதைப் பிடித்துக்கொண்டு வாதாடுவீர்கள்? இதை முன்கூட்டி அவரிடம் சொல்லாதே. சொன்னால் தயாரித்துக்கொண்டு வந்து சொற்பொழிவாற்றிவிடுவார்.

கூட்டம் தடம் மாறும் இடங்களையும் சொல்லிவிடுகிறேன். கபிலர் என்றதும் பாரி வருவான், பாரி வந்தால் அவன் மகளிர் வருவார்கள், முல்லைக்குத் தேர் வரும். எல்லோருக்கும் தெரிந்த கதை என்பதால் எல்லோரும் சேர்ந்துகொள்வார்கள், நிறுத்துவது கஷ்டம். "அதற்குத் தனியாக ஒரு கூட்டம் வைப்போம் சார்" என்று சொல்லித் தாளைக் கையில் தூக்கிக் காட்டு. இரண்டாவது, யாராவது அந்தப் பெண்ணுக்குப் புத்தி சொல்லத் தொடங்குவார்கள். அவர் முடித்ததும், "அவள் தன்னைக் குறை சொல்லிக்கொள்ளும் இடம் பாட்டில் எது?" என்று மட்டும் கேள். தேடிப் பார்ப்பார், அப்படி ஒரு சொல்கூட அதில் இல்லை. மூன்றாவது, ஒருவர் தன் வாழ்க்கையில் நடந்ததைச் சொல்லத் தொடங்கலாம். அதை அவசரமாக வெட்டாதே. சாட்சியில்லாத துயரம் எல்லா வீட்டிலும் இருக்கும். அவர் சொல்லி முடிக்கட்டும். பிறகு, "அந்த நாளில் உங்கள் கண்ணில் பட்டு, இன்றைக்கும் மறக்காத பொருள் ஏதாவது உண்டா?" என்று கேள். அந்த ஒரு கேள்வியில் அவரும் பாட்டுக்குத் திரும்பி வந்துவிடுவார்.

கடைசிப் பத்து நிமிஷம் பேச்சை நிறுத்திவிட்டு முதலில் படித்த பெண்ணையே மறுபடி படிக்கச் சொல். ஏ.கே. ராமானுஜன் 1967இல் வெளியிட்ட மொழிபெயர்ப்பு நூலில் இந்தப் பாட்டும் இருக்கிறது. ஆங்கிலம் படிப்பவர்கள் கேட்டால் அதைச் சொல்லி அனுப்பு, கூட்டத்துக்குள் கொண்டுவராதே.

தாளை எழுதியதும் எனக்கு ஒரு பிரதி அனுப்பு, பார்த்துத் திருத்தி உடனே திருப்பி அனுப்புகிறேன். அகநானூற்றுப் பாட்டைப் பொருளோடு நகலெடுத்து இதனுடன் வைத்திருக்கிறேன், கூட்டத்துக்கு முன்னால் யார் கண்ணிலும் படாமல் பார்த்துக்கொள். அம்மாவுக்குக் கால்வலி எப்படி இருக்கிறது என்று எழுது. வக்கீல் என்ன சொன்னார் என்பதையும் ஒரு வார்த்தை விடாமல் எழுது.

அன்புடன்,
உன் அக்கா